உண்ணிக் கடிக்கு எந்தப் பரவல், தடிமனுக்கு எந்தப் பரவல்?

ஆம்பூரில் தோல் தொழிற்சாலைகளின் தரப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பிலோ கல்லூரியிலோ ஈருறுப்புப் பரவல், பாய்சான் பரவல், இயல்நிலைப் பரவல் மூன்றையும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சூத்திரத்தைக் கேட்டால் எழுதிக் காட்டுவார்கள். ஆனால் ஒரு பதிவேட்டை முன்னால் வைத்து "இந்தப் பத்திக்கு எது?" என்று கேட்டால் கை தயங்குகிறது. புத்தகக் கணக்கில் "பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது" என்று கேள்வியே சொல்லிவிடும். பதிவேடு அப்படிச் சொல்லாது. அந்த இடைவெளிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கையில் ஒரு பதிவேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்று பத்திகள். முதல் பத்தியில், ஒவ்வொரு லாட்டிலிருந்தும் 20 ஜோடி ஷூ அப்பர் எடுத்துப் பார்த்ததில் எத்தனை ஜோடி கழிக்கப்பட்டன என்று இருக்கும். இரண்டாவதில், ஒவ்வொரு ஆட்டுத்தோலிலும் எத்தனை குறிகள் என்று இருக்கும். குறி என்றால் உண்ணிக் கடி, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாம். மூன்றாவதில், ஷேவிங் மெஷினிலிருந்து வந்த மாட்டுத்தோலின் தடிமன் மில்லிமீட்டரில் இருக்கும். இங்கே வருகிற எண்கள் பழகுவதற்காக நான் அமைத்தவை. ஆனால் இவற்றில் வரும் சிக்கல்கள் எல்லாம் நிஜப் பதிவேடுகளில் நான் பார்த்தவைதான்.

முதல் படி: அந்த எண் எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள்

வரைபடம் போடுவதற்கு முன்னால், சராசரி எடுப்பதற்கும் முன்னால், அந்த எண்ணை எழுதியவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எண்ணினாரா, கருவியில் பார்த்தாரா? எண்ணினார் என்றால், அந்த எண்ணுக்கு மேலே ஒரு கூரை இருக்கிறதா?

20 ஜோடி எடுத்தால் அதிகபட்சம் 20 ஜோடிதான் கழிவாகும். 21 வரவே முடியாது. இது கூரை உள்ள எண்ணிக்கை, ஈருறுப்புப் பரவலுக்கான இடம். ஒரு தோலில் எத்தனை உண்ணிக் கடி இருக்கலாம்? இரண்டு இருக்கலாம், ஏழு இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். எத்தனை கடி "இல்லை" என்று எண்ணவும் முடியாது. இப்படிக் கூரை இல்லாமல், ஒரு பரப்பிலோ ஒரு நேரத்திலோ விழுகிற குறிகளை எண்ணினால் பாய்சான் பக்கம் போக வேண்டும். திக்னஸ் கேஜில் 1.18, 1.23 என்று வாசித்தால் அது அளவு. இயல்நிலைப் பரவலை முதலில் அங்கேதான் முயன்று பார்க்க வேண்டும்.

இதில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற ஓர் இடம் உண்டு. அதே 20 ஜோடி அப்பரை எடுத்து, கழிந்த ஜோடிகளை எண்ணாமல் தையல் பிசகுகளை எண்ணினால் என்ன ஆகும்? ஒரே ஜோடியில் மூன்று பிசகு இருக்கலாம். 20 ஜோடியில் 25 பிசகு வரலாம். கூரை போய்விட்டது. பொருள் அதே பொருள், மேசை அதே மேசை, ஆனால் எண்ணியது மாறியதும் பரவலும் மாறிவிட்டது. அதனால் பத்தியின் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "கழிவு" என்று தலைப்பு போட்டிருப்பார்கள், உள்ளே பிசகுகளை எழுதியிருப்பார்கள். எழுதியவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: கூரை உள்ள எண்ணிக்கை

ஈருறுப்புப் பரவலுக்குக் கூரை மட்டும் போதாது. ஒவ்வொரு ஜோடிக்கும் கழியும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி கழிந்தது அடுத்த ஜோடியைப் பாதிக்கக் கூடாது. ஏன் ஜோடி என்று எண்ணுகிறோம், ஏன் 40 தனித்தனி அப்பர் என்று எண்ணுவதில்லை என்பதும் இங்கேதான் விளங்கும். இடதும் வலதும் பெரும்பாலும் ஒரே தோலிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் வெட்டப்படுகின்றன. தோலில் கோளாறு என்றால் இரண்டும் சேர்ந்தே போகும். அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் இல்லாத சுதந்திரம் இருப்பதாகக் கணக்குப் போட்டுவிடுவோம்.

சராசரியாக 20க்கு 1 ஜோடி கழிகிறது என்றால் வாய்ப்பு 0.05. ஈருறுப்புப் பரவல் எதிர்பார்க்கிற பரவற்படி (பள்ளிப் புத்தகத்தில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்திருப்பீர்கள்) `np(1-p)`, அதாவது 20 × 0.05 × 0.95 = 0.95. இதே இடத்தில் பாய்சானைப் போட்டிருந்தால் 1 என்று வந்திருக்கும். ஒன்றும் கழியாத லாட்டுகள் ஈருறுப்புப்படி 100க்கு சுமார் 36, பாய்சான்படி சுமார் 37. வாய்ப்பு இவ்வளவு சிறியதாக இருக்கும்போது எதைப் போட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. இந்த இடத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 20க்கு 6 கழிகிற புது டிசைன் ஓடும்போது கதை வேறு. ஈருறுப்பு 4.2 என்கிறது, பாய்சான் 6 என்கிறது. அங்கே பாய்சானைப் போட்டால் லாட்டுக்கு லாட் வருகிற ஏற்ற இறக்கத்தை அதிகமாக மதிப்பிட்டுவிடுவீர்கள். உண்மையிலேயே கெட்டுப்போன லாட் வந்தாலும் "இது சகஜம்தான்" என்று விட்டுவிடுவீர்கள்.

பதிவேட்டில் பரவற்படி 0.95க்குப் பதில் 2.5 என்று வந்தால்? முனை மழுங்கிய ஊசியோடு ஒரு மெஷின் ஓடியிருக்கும். அது தைத்த ஜோடிகள் கொத்தாகக் கழிந்திருக்கும். லாட்டுகளை நாள் வரிசையிலும் மெஷின் வாரியாகவும் அடுக்கிப் பாருங்கள், கொத்து கண்ணுக்கே தெரியும்.

மூன்றாம் படி: கூரை இல்லாத எண்ணிக்கை

இதில் நிதானமாகப் போவோம், அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

பாய்சான் பரவலுக்கு ஓர் அழகான குணம் உண்டு. அதன் சராசரியும் பரவற்படியும் ஒன்றே. இதைச் சோதிக்க வேறு எந்த ஆயுதமும் வேண்டாம். 1898இல் போர்ட்கீவிச் வெளியிட்ட பிரஷ்ய ராணுவக் கணக்கு இதற்குப் பழைய உதாரணம். பத்துப் படைப்பிரிவுகளில் 20 ஆண்டுகளில் குதிரை உதைத்து இறந்த வீரர்கள் மொத்தம் 122 பேர். 200 பிரிவு-ஆண்டுகளுக்குச் சராசரி 0.61, பரவற்படியும் கிட்டத்தட்ட 0.61. யாரும் திட்டமிடாத, ஒன்றையொன்று தொடாத விபத்துகள் இப்படித்தான் விழும்.

இப்போது நம் தோல்களுக்கு வருவோம். ஒரே அளவுள்ள 100 ஆட்டுத்தோல்களில் குறிகளை எண்ணினோம்.

```
குறிகள்    0   1   2   3   4   5   6   7   8
தோல்கள்  30  21  16  11   8   7   4   1   2
```

மொத்தம் 200 குறிகள், சராசரி 2. எக்செலில் எண்கள் B2 முதல் B101 வரை இருந்தால் ஒரே வரியில் சோதித்துவிடலாம்.

```
=VAR.S(B2:B101)/AVERAGE(B2:B101)
```

பாய்சான் என்றால் விடை 1ஐ ஒட்டி வர வேண்டும். எவ்வளவு ஒட்டி? 100 தோல்கள் இருந்தால் 0.72க்கும் 1.28க்கும் இடையில் வருவது சகஜம். இந்த வரம்பு `1 ± 2*sqrt(2/(n-1))` என்பதிலிருந்து வருகிறது. 50 தோல்கள் என்றால் 0.6 முதல் 1.4 வரை விரியும். நமக்கு வந்த விடை 2.06. பரவற்படி 4.12, சராசரி 2. வரம்புக்கு வெகுதூரம் வெளியே இருக்கிறது.

இந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் சராசரி 2 உள்ள பாய்சானைப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஐந்தும் அதற்கு மேலும் குறி உள்ள தோலை வாங்குபவர் கழித்துவிடுவார் என்று வைத்துக்கொள்வோம்.

```
=1-POISSON.DIST(4,2,TRUE)
```

விடை 0.053. அதாவது 100 தோலுக்கு ஐந்து கழியும் என்று திட்டமிடுவீர்கள். பட்டியலில் 7, 4, 1, 2ஐக் கூட்டினால் 14 வருகிறது. நஷ்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இன்னொரு பக்கம், குறியே இல்லாத தோல் 13 அல்லது 14 கிடைக்கும் என்று பாய்சான் சொல்கிறது, நம்மிடம் 30 இருக்கிறது. நல்ல தோலும் அதிகம், கெட்ட தோலும் அதிகம், நடுவில் குறைவு. இந்த வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு சரக்கு ஒன்றாகக் கலந்திருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் காட்டும்.

இப்படி ஒரு பட்டியலோடு ஒரு பையன் என்னிடம் வந்தபோது, தரம் பிரிக்கும் மேசையில் இருபது வருடமாக நிற்கிற பெரியவரிடம் அவனை அனுப்பினேன். "பாய், இந்தத் தோலெல்லாம் ஒரே சரக்கா?" என்று கேட்டான். அவர் இரண்டு தோலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது ரெண்டு எடத்து உப்புத்தோலு. ஒண்ணு சுத்தமா வரும், இன்னொண்ணு உண்ணி தின்ன தோலு. பதனிடும்போது சேத்துட்டாங்க" என்றார். எந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்பதற்கான அடையாளம் ஓரத்தில் குத்தியிருந்தது. பதிவேட்டில் அதை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

சரி, நம் நூறையும் அப்படிப் பிரிப்போம். முதல் சரக்கு 50 தோல்: குறி இல்லாதவை 28, ஒரு குறி 16, இரண்டு 5, மூன்று 1. சராசரி 0.58, பரவற்படி 0.575. இரண்டாவது சரக்கு 50 தோல்: பூஜ்யம் முதல் எட்டு வரை முறையே 2, 5, 11, 10, 8, 7, 4, 1, 2. சராசரி 3.42, பரவற்படி 3.64. இரண்டிலும் விகிதம் 1ஐ ஒட்டியே இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே ஒழுங்கான பாய்சான்தான். சேர்த்து வைத்ததில்தான் கெட்டுப்போயிருந்தது. இப்போது இரண்டாவது சரக்குக்கு மட்டும் `=1-POISSON.DIST(4,3.42,TRUE)` போட்டால் 0.26 வருகிறது. 50 தோலுக்கு 13. எண்ணியது 14. முதல் சரக்கில் கழிவு ஏறக்குறைய இல்லை. வாங்குபவரிடம் பேரம் பேசுவதற்கும், அடுத்த முறை எந்த இடத்துத் தோலை எடுப்பது என்று முடிவு செய்வதற்கும் இந்த இரண்டு எண்கள் போதும்.

ஆகவே விகிதம் 1.3, 1.5 என்று ஏறியதும் உடனே வேறு பரவலைத் தேடி ஓட வேண்டாம். முதலில் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். வரத்து இடம், பருவம், எண்ணிய ஆள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். எண்ணிய ஆள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் மங்கலான கடியையும் எண்ணுவார், இன்னொருவர் விரலில் தட்டுப்படுவதை மட்டும் எண்ணுவார். பிரிக்க எந்த அடையாளமும் இல்லை, விகிதமும் இறங்கவில்லை என்றால் அப்போது எதிர்ம ஈருறுப்புப் பரவலை எடுங்கள். சராசரியைவிடப் பெரிய பரவற்படிக்கு அதில் இடம் உண்டு.

தோல்களின் அளவையும் மறக்கக் கூடாது. நான் "ஒரே அளவுள்ள" என்று சொன்னது அதனால்தான். மூன்று சதுர அடித் தோலையும் ஆறு சதுர அடித் தோலையும் ஒன்றாக எண்ணினால், பெரிய தோலில் அதிகக் குறி இருப்பது இயல்பு. அதுவே விகிதத்தை ஏற்றிவிடும். அளவு மாறுகிற சரக்கில் சதுர அடிக்கு எத்தனை குறி என்ற வீதத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு தோலுக்கும் அதன் பரப்பால் பெருக்கி எதிர்பார்ப்பை எடுங்கள். எண்ணிக்கையைப் பரப்பால் வகுத்துவிட்டு அந்தப் பின்னத்தையே பாய்சான் என்று வைத்துக்கொள்வது தவறு. 0.67 குறி என்று ஒன்று கிடையாது.

எண்ணிக்கைக்கு இயல்நிலைப் பரவலே கூடாதா என்று கேட்பார்கள். சராசரி பெரிதானால் கூடும். ஒரு ஷிஃப்டுக்குச் சராசரியாக 40 முறை நூல் அறுகிறது என்றால், சராசரி 40, திட்டவிலக்கம் 40இன் வர்க்கமூலமான 6.3 என்று இயல்நிலைப் பரவலைத் தாராளமாகப் போடலாம். ஆனால் சராசரி 2 இருக்கிற நம் குறிகளுக்குப் போட்டால், 100 தோலில் ஏழெட்டுத் தோலுக்குக் குறி பூஜ்யத்துக்கும் கீழே என்று அது சொல்லும். இருபதுக்கு மேல் சராசரி இருந்தால் கவலையில்லை என்பது என் கைக்கணக்கு.

நான்காம் படி: அளவுகள்

தடிமன் ஏன் இயல்நிலையாக வருகிறது? பிளேடின் கூர், உருளையின் அழுத்தம், தோலின் ஈரம், கேஜ் வைத்த கை என்று பல சின்னச் சின்னக் காரணங்கள் ஒன்றோடொன்று கூடுகின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். எந்த ஒன்றும் மற்றதை மிஞ்சாமல் இருந்தால் கூட்டுத்தொகை மணி வடிவத்துக்கு வரும். ஒரு காரணம் மிஞ்சிவிட்டால் வராது. முதுகெலும்புக் கோட்டுப் பக்கம் தோல் தடிப்பாக இருக்கும், வயிற்றுப் பக்கம் மெலிந்து தளர்ந்திருக்கும். ஒருவர் இங்கேயும் இன்னொருவர் அங்கேயும் அளந்தால் மணிக்குப் பதில் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகு போல இரண்டு மேடு வரும். அளக்கும் இடத்தை முதலில் ஒன்றாக்குங்கள்.

கேட்கப்பட்ட தடிமன் 1.1 முதல் 1.3 மி.மீ. என்று வைப்போம். சராசரி 1.2, திட்டவிலக்கம் 0.06. இயல்நிலைப் பரவலின்படி 1.1க்குக் கீழே எத்தனை?

```
=NORM.DIST(1.1,1.2,0.06,TRUE)
```

0.048, அதாவது 100க்கு ஐந்து. மேல் பக்கமும் அதே அளவு. இப்போது 0.02 மி.மீ. அகலத்தில் தடிமன்களைக் கட்டங்களாகப் பிரித்து வரைந்து பாருங்கள். 1.1க்குக் கீழே ஒன்றுகூட இல்லை, 1.10இல் மட்டும் பதினோரு தோல் என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். மெல்லிய தோல்களை யாரோ ஏற்கெனவே ஒதுக்கிவிட்டு மீதியை எழுதியிருக்கிறார், அல்லது 1.08ஐயும் 1.09ஐயும் "பரவாயில்லை" என்று 1.10 ஆக்கியிருக்கிறார். மணியின் ஒரு பக்கம் சுவர் எழுப்பியது போல நிற்கும். இந்தச் சுவரோடு திட்டவிலக்கம் எடுத்தால் உண்மையைவிடச் சிறியதாக வரும். மெஷின் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வோம்.

கடைசி இலக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 0, 5 என்று முடிகிற எண்களே நிறைந்திருந்தால் கேஜின் முள்ளைப் பக்கத்துக் கோட்டுக்குத் தள்ளி வாசித்திருக்கிறார்கள். 0.05ஆக வாசித்த எண்ணை வைத்து 0.06 திட்டவிலக்கத்தைப் பற்றி நுணுக்கமாக எதுவும் பேச முடியாது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ஷேவிங் மெஷினிலிருந்து இறங்கியதும், தரம் பிரிப்பதற்கு முன்னால், வரிசையாக 50 தோலை வால் பக்கம் குறித்த அதே இடத்தில் அளந்து, கேஜ் காட்டுகிற இரண்டு தசம எண்ணை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்த 50இலும் சுவர் இருந்தால் தோலையும் கணக்கையும் விட்டுவிட்டு மெஷினைப் பாருங்கள், மெல்லிய பக்கம் எங்கேயோ தடைபட்டிருக்கிறது. சுவர் மறைந்து, இடது பக்கம் மெல்லிய தோல் இரண்டு மூன்று எட்டிப்பார்த்தால், அந்தத் திட்டவிலக்கத்தைத்தான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.